மொட்டை மேல் பழி போடாதீங்க

இந்த வாரம் பயிர் பற்றி எழுதவில்லை. அப்பாவின் முகம் பற்றி எழுதுகிறேன்.

மல்லாட்டை ஆய்கிற கூலிக்குப் பணம் எடுக்கப் பேங்குக்குப் போனபோது அப்பாவின் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டேன். பிஎம் கிசான் பணம் வந்து வெகுநாள் ஆகியிருந்தது. வருஷத்துக்கு 6000 ரூபாய், நாலு மாசத்துக்கு ஒருமுறை 2000 வீதம் மூன்று தவணை. அவர் யாரிடமும் சொல்லவே இல்லை. விசாரித்தால், இ-கேஒய்சி முடிக்கவில்லை, அதனால் நிற்கிறது என்றார்கள்.

அதை முடிக்க மூன்று வழி. ஆதாரோடு சேர்த்த செல் நம்பருக்கு வரும் ஓடிபி, சேவை மையத்தில் கைரேகை, அல்லது செல்லில் முகம் காட்டுவது. அப்பா ஆதாருக்குக் கொடுத்த நம்பர் எப்போதோ செத்துப்போன சிம். கைரேகையோ, ஐம்பது வருஷம் மல்லாட்டைக் கொடி பிடுங்கின விரல். இரண்டு மையத்தில் பத்து விரலும் வைத்துப் பார்த்தோம், ஏறவில்லை. மிச்சம் முகம்தான்.

முகம் காட்டும் வசதி 2023 ஜூனில் பிஎம் கிசான் செயலியில் வந்தது. ஒரு விவசாயி தன் செல்லிலேயே அக்கம்பக்கத்தில் 100 பேருக்கு முடித்துக் கொடுக்கலாம் என்று அப்போதே அறிவித்தார்கள். கூடவே ஆதார் ஆணையத்தின் AadhaarFaceRD என்ற இன்னொரு செயலியையும் பிளே ஸ்டோரில் இறக்கி வைக்கணும். அதைத் தனியாகத் திறந்து செய்வதற்கு ஒன்றும் இல்லை. முகம் பிடிக்கிற நேரத்தில் பிஎம் கிசான் செயலியே அதைக் கூப்பிட்டுக்கொள்ளும்.

தீபம் முடிந்த மறு வாரம். அப்பாவும் நானும் வேண்டுதல் தீர்த்து மொட்டை போட்டிருந்தோம். கிணற்று மேட்டில், நல்ல உச்சி வெயிலில் அவரை நிற்க வைத்துச் செல்லை நீட்டினேன். திரையில் ஒரு வட்டம் வரும், முகம் அதற்குள் சரியாக உட்கார்ந்தால்தான் பச்சையாகும். பச்சை வரவே இல்லை. அப்பாவுக்குப் பின்னால் வெள்ளை வானம். கேமரா அந்த வெளிச்சத்துக்குத் தகுந்தபடி எல்லாவற்றையும் மங்கலாக்கிவிட்டது, முகம் வெறும் கரிக்கட்டையாகத் தெரிந்தது.

ராத்திரி வீட்டுக்குள் டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார வைத்தேன். வெளிச்சம் நேர் மேலேயிருந்து விழுந்ததில் புருவத்துக்குக் கீழே இரண்டு குழி இருட்டு. கண் தெரிந்தால்தானே கண் சிமிட்டுவது தெரியும்? போட்டோவைக் காட்டி யாரும் ஏமாற்றக்கூடாது என்பதற்காக அந்தச் செயலி கண்ணைச் சிமிட்டச் சொல்லும்.

"சிமிட்டுப்பா."

அப்பா சாமி கும்பிடுகிற மாதிரி இறுக்கி மூடிக்கொண்டார். கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவருக்கு இமை மெதுவாகத்தான் ஏறும்.

"லேசா மூடித் தொறப்பா, ஈ ஒட்டுற மாதிரி."

"நீ மொதல்ல அந்த செல்லைத் தொடைடா. ஒரே பிசுக்கு."

அவர் சொன்னது சரி. கேமராக் கண்ணாடி மேல் என் விரல் எண்ணெய். வேட்டி முனையால் துடைத்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் திண்ணையில் தெருவைப் பார்த்து உட்கார வைத்தேன். முகத்துக்கு நேராக இளவெயில், பின்னால் சுண்ணாம்பு அடித்த சுவர். கண்ணாடியைக் கழற்றி, நெற்றி விபூதியைத் துடைத்து, செல்லை அவர் கண் உயரத்துக்குப் பிடித்தேன். வட்டம் பச்சையானது. சிமிட்டினார். படம் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு, முகம் பொருந்தவில்லை என்று வந்தது. மூன்று முறை செய்தும் அதே.

அப்பா என்னைப் பார்த்துக் கேட்டார்: "அப்போ நான் யாராமாடா?"

எனக்குப் பதில் வரவில்லை.

ஊரில் எல்லோரும் மொட்டையால்தான் என்றார்கள். முடி வளரட்டும், பங்குனியில் பாருங்க என்றார் ஒரு மாமா. நானும் நம்பியிருப்பேன். ஆனால் அதே திண்ணையில், அதே மொட்டையோடு என் முகத்தைக் காட்டினேன். முதல் தடவையே ஏற்றுக்கொண்டது.

அப்போதுதான் யோசித்தேன். இங்கே நடப்பது ஒரு வேலை இல்லை, இரண்டு. முதலில் நம் செல், இது உயிருள்ள முகமா, தெளிவாகத் தெரிகிறதா என்று பார்க்கிறது. அது சரியானால் அந்தப் படம் பூட்டப்பட்டு ஆதார் ஆணையத்துக்குப் போகிறது. அங்கே நாம் ஆதார் எடுத்தபோது பிடித்த போட்டோவோடு ஒத்துப் பார்க்கிறார்கள். கண், மூக்கு, வாய், தாடை இவற்றின் அமைப்புதான் அதற்கு முக்கியம், தலைமுடி பெரிய விஷயமில்லை. எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணினி ஒரு மதிப்பெண் போடுகிறது. வேண்டிய அளவுக்குக் கீழே போனால் ஃபெயில். அது 'இவர் வேற ஆள்' என்ற தீர்ப்பு இல்லை, மார்க் பத்தவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே வட்டம் பச்சையாகாமல் நின்றாலோ, சிமிட்டலைப் பிடிக்காமல் திரும்பத் திரும்பக் கேட்டாலோ, குறை நம் பக்கம்: வெளிச்சம், கேமரா, கை ஆட்டம். படம் போய்ச் சேர்ந்த பிறகு பொருந்தவில்லை என்று வந்தால், பெரும்பாலும் அங்கே இருக்கிற போட்டோ பழசு. அதற்கு நீங்கள் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் பலன் குறைவு.

அப்பாவின் ஆதார் அட்டையை எடுத்துப் பார்த்தேன். 2013-ல் முகாமில் எடுத்தது. கன்னம் நிறைந்து, தடித்த மீசையோடு, பாதி முகம் நிழலில். இன்றைக்கு மேல் பல் ஒன்றுமில்லை, கன்னம் ஒட்டி, மேல் உதடு உள்ளே போய்விட்டது. பெற்ற பிள்ளை எனக்கே ஒரு நிமிஷம் ஆனது.

மருந்து ஒன்றுதான், போட்டோவைப் புதுப்பிப்பது. இதை ஆன்லைனில் செய்ய முடியாது, ஆள் நேரில் போகணும். போஸ்ட் ஆபீஸ், சில பேங்குகள், தாலுகா ஆபீஸ் என்று ஆதார் மையம் உள்ள இடங்களில் செய்கிறார்கள். கட்டணம் 2025 அக்டோபரிலிருந்து 125 ரூபாய். போட்டோ, பத்து விரல், இரண்டு கண் எல்லாம் புதிதாக எடுத்தார்கள். செல் நம்பரையும் அப்போதே மாற்றிக்கொண்டோம். சிலிப்பைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அதில் உள்ள எண்ணை வைத்துத்தான் வேலை முடிந்ததா என்று பார்க்க முடியும். முடியாமல் மறுபடி முகம் காட்டினால் பழைய போட்டோவோடுதான் மோதும்.

புதுப்பித்தது உறுதியான மறுநாள், அதே திண்ணை, அதே ஏழு மணி. ஒரே தடவையில் முடிந்தது.

அப்பா ஒன்றும் பேசவில்லை. எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனார். வாசல் தாண்டும்போது மட்டும், "உங்க அம்மாவோடதும் பாத்துடு, அவளுக்கும் அந்தக் காலத்து போட்டோதான்" என்றார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் ஆதார் அட்டையை ஒருமுறை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்களுக்கே அடையாளம் தெரியவில்லை என்றால், தவணை நிற்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க.