புது சம்ப்பில் என்ன விஷவாயு?

செப்டிக் டேங்க் என்றால் இறங்குகிறவர் கொஞ்சமாவது தயங்குவார். தீயணைப்பு மீட்புப் பணியில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது, ஒரு சொட்டு சாக்கடைகூடச் சேராத புது சம்ப். "இப்பத்தான் சார் கட்டினது, இதுல என்ன விஷவாயு?" என்று கேட்பார்கள்.

விஷவாயு தேவையே இல்லை. மேல்தளம் போட்டு வாய் மூடிய தொட்டிக்குள் சென்ட்ரிங் பலகையும் சவுக்கு முட்டும் வாரக்கணக்கில் ஈரத்தில் ஊறுகின்றன. அடியில் தேங்கிய நீரிலும் மரத்திலும் பெருகும் நுண்ணுயிர்கள் உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடுகின்றன. வெளிக்காற்றில் ஆக்சிஜன் ஏறக்குறைய 21 சதவீதம். 19.5-க்குக் கீழே போனாலே உள்ளே இறங்கக்கூடாது.

அப்படி ஒரு வீட்டில் எட்டடி ஆழ சம்ப். பலகை பிரிக்க இறங்கியவர் சத்தமே இல்லாமல் சரிந்திருக்கிறார். கரண்ட் அடித்துவிட்டது என்று நினைத்து மெயினை அணைத்துவிட்டு மேஸ்திரி இறங்கினார், அவரும் எழவில்லை. நாங்கள் போனபோது மூன்றாவதாக ஒரு பையன் ஈரத்துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு நின்றான். அவன் சட்டையை ஒரு அம்மா விடாமல் பிடித்திருந்தார். ஈரத்துண்டு தூசியைத் தடுக்கும். இல்லாத ஆக்சிஜனை எங்கிருந்து கொடுக்கும்?

வாயு அளக்கும் கருவியைக் கயிற்றில் கட்டி இறக்கினோம். வாயருகே 20.6, பாதி ஆழத்தில் 14, அடியில் 7. மேலே நின்று எட்டிப் பார்ப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. அடியில் அந்தக் காற்றைச் சில முறை இழுத்தாலே நினைவு போய்விடும். ஏணியைப் பிடிக்கக் கையில் தெம்பு இருக்காது. மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கிவிடலாம் என்பதும் நடக்காது. எழுபது கிலோ ஆளைக் குனிந்து தூக்கும்போது மூச்சு தானாக வந்துவிடும்.

காற்று சிலிண்டரோடு முகமூடி அணிந்த எங்கள் ஆளுக்கே அந்த இரண்டடி வாய் இடித்தது. ஒரு பக்கம் புளோயரின் குழாயை அடிவரை விட்டு வெளிக்காற்றைச் செலுத்திக்கொண்டே, இன்னொரு பக்கம் தளத்தை உடைத்துத்தான் இருவரையும் எடுத்தோம். பலகை பிரித்தவர் இறந்துவிட்டார். மேஸ்திரி பிழைத்தார்.

ஆள் விழுந்தபின் அங்கிருப்பவர்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான்: எல்லா மூடிகளையும் திறப்பது, 112-ஐ அழைத்து "தொட்டிக்குள் ஆள்" என்று சொல்வது, புளோயர் இருந்தால் குழாயை அடிவரை விடுவது. வாயருகே மின்விசிறி வைத்தால் மேல்காற்றுதான் சுழலும். ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடக்கூடாது. ஒரு பொறி பட்டால் மரமும் துணியும் குபீரென்று பற்றும்.

முன்கூட்டியே செய்ய ஒன்று உண்டு. கருவியால் அளந்து, காற்றடித்த பிறகும், இறங்குபவருக்குத் தோளும் தொடையும் பிடிக்கும் பெல்ட் மாட்டி, கயிற்றை மேலே முக்காலிக் கப்பியில் கோக்க வேண்டும். இடுப்பில் மட்டும் கட்டினால், இழுக்கும்போது உடல் இரண்டாக மடங்கி வாயில் சிக்கும். தோளில் பிடித்தால் நேராக வரும், மேலிருப்பவர் யாரும் உள்ளே கால் வைக்காமலே.