துண்டுச்சீட்டும் நோட்டும்

எங்கள் பக்கத்து மளிகைக் கடைகளில் கடன் கணக்கு இரண்டு விதமாக இருந்தது. ஊர்க்காரர்களுக்கு நோட்டு, காலனிக்காரர்களுக்குத் துண்டுச்சீட்டு. நோட்டு வீட்டிலிருந்து வரும், கடையில் வாங்கி எழுதித் திருப்பிக் கொடுப்பார்கள். துண்டுச்சீட்டைக் கிழித்துப் பலகைமேல் போடுவார்கள், நாம் பொறுக்கிக்கொள்ள வேண்டும். இந்த வித்தியாசத்துக்குள் எவ்வளவு பணம் இருக்கிறது என்பது 1995 மார்ச் மாசத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

விழுப்புரம் பக்கம் ஒரு சந்தை ஊரில் மளிகைக் கடைப் பையனாக இருந்தேன். மூட்டை தூக்குவது, மொளகா கொட்டிக் காயவைப்பது, குடோன் கூட்டுவது என் வேலை. கல்லாப்பெட்டிப் பக்கம் போகக்கூடாது, பேரேட்டைத் தொடக்கூடாது. அந்த வருஷம் கணக்குப்பிள்ளை படுத்துவிட்டார். சித்திரை முதல் தேதி புதுக்கணக்கு போடணும். பத்தாவது பாஸ் பண்ணியிருந்தது கடையில் நான் ஒருவன்தான். தொடாதேன்னு சொன்ன பேரேட்டை மொதலாளியே தூக்கி என் முன்னால் வைத்தார். கூடவே ஒரு சாக்கு. ஒரு வருஷத்துச் சீட்டு.

“காலனி பாக்கி 23 பேருக்கும் ஆளுக்கு ஒரு தாள்ல சுத்தமா எழுதிக் குடு. சீட்டு அழிஞ்சிருந்தா பேரேட்ட பாத்து எழுதிக்க.”

சீட்டு எப்படி உண்டாகிறது என்று சொல்கிறேன். பலகையில் நிற்கிறவர் கார்பன் வைத்து எழுதுவார். மேல்தாள் வாங்குகிறவருக்கு. கார்பன் தாள் கம்பியில் குத்தப்படும். ஒவ்வொரு சீட்டிலும் முதலில் பழைய பாக்கி, அடுத்து இன்றைக்கு வாங்கியது, பணம் கொடுத்திருந்தால் வரவு, கடைசியில் நிலுவை. பழைய பாக்கியை நாம் கொண்டுபோகும் போன சீட்டைப் பார்த்து எழுதுவார்கள். ராத்திரி கடை சாத்தினபிறகு கணக்குப்பிள்ளை கம்பியிலிருந்து உருவி, அன்றைக்கு வாங்கியதையும் வரவையும் மட்டும் பேரேட்டில் ஏற்றுவார்.

சாக்கில் இருந்தது எண்ணெய் குடித்த தாள், மஞ்சள் அப்பிய தாள், எலி கடித்த தாள். ஈரத்துணியால் லேசாக ஒற்றி, பிரித்து, அரிசி மூட்டைக்கு அடியில் ஒரு ராத்திரி வைத்தால் நிமிர்ந்துவிடும். கம்பி குத்தின ஓட்டை சில சீட்டில் இலக்கத்தின் மேலேயே விழுந்திருந்தது. சீட்டில் தேதி உண்டு, வருஷம் கிடையாது. பேரும் கிடையாது. காலனி நொண்டி, காலனி கெழவி என்றுதான் இருக்கும். அந்தக் கெழவி என் பெரியம்மா. நான் போட்ட தாளில் ரேஷன் கார்டில் இருந்த பேரை இனிஷியலோடு எழுதினேன்.

பெரியம்மா தன் சீட்டுகளை மஞ்சப்பையில் போட்டுக் கூரைக் கழியில் தொங்கவிட்டிருந்தது. அதற்கு எழுத்து தெரியாது. “அவங்க கையெழுத்து, கெடக்கட்டும்டா” என்று சொல்லும். சாக்கில் அழிந்தவற்றை அந்தப் பையை வைத்து நிரப்பினேன்.

வரிசைப்படுத்த ஒரே வழி, சங்கிலி. ஒரு சீட்டின் நிலுவைதான் அடுத்த சீட்டின் பழைய பாக்கி. ஒத்துப்போனால் வரிசை சரி. போன வருஷத்துச் சீட்டு கலந்திருந்தால் அங்கே பொருந்தாமல் துருத்திக்கொண்டு நிற்கும். ஒரு இடத்தில் நிலுவை 88 ரூபாய், அடுத்த சீட்டின் பழைய பாக்கி 106. நடுவில் ஒரு சீட்டு காணோம். 18 ரூபாய் கூடியிருக்கிறது என்று மட்டும் சொல்லலாம். என்ன வாங்கியது, நடுவில் பணம் ஏதும் கட்டியதா என்று சொல்ல முடியாது. அந்த 18 ரூபாயைப் பெரியம்மா கணக்கிலேயே கடனாகச் சேர்த்தேன்.

பிறகு மாசத்துக்கு ஒரு வரி, பன்னிரண்டு வரி. கடைசியில் கூட்டல். ஆரம்ப பாக்கி 60, வருஷம் முழுக்க வாங்கியது 1463, கட்டியது 1250. நிலுவை 273 ரூபாய். பேரேட்டில் இருந்தது 692.

வித்தியாசம் 419. மாசக் கூட்டலைப் பேரேட்டோடு ஒப்பிட்டேன். எட்டு மாசம் ஒத்துப்போனது. ஜூலை, அக்டோபர், ஜனவரி, மார்ச் நான்கும் ஒத்துவரவில்லை. ஜூலையில் 140 ரூபாய் அதிகம். அந்த மாசச் சீட்டுகளைப் பரப்பினேன். ஒன்றில் பழைய பாக்கி 140, இன்று 18, ஆக நிலுவை 158. பேரேட்டில் ஏறியிருக்கவேண்டியது 18. ஏறியிருந்தது 158. பழைய கடனே புதுச் சாமானாக இன்னொரு தரம் ஏறிவிட்டது. அக்டோபரில் இதேபோல 96.50, ஜனவரியில் 173.50. மூன்றும் சேர்ந்து 410. மீதி 9. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பார்க்கணும். மார்ச்சில் 45 ரூபாய் 54 ஆகியிருந்தது.

கணக்குப்பிள்ளை வேணும்னு எழுதினாரா, தூக்கக் கலக்கத்தில் எழுதினாரா என்று நான் விசாரிக்கப் போவதில்லை. வாங்கியதை எழுதவேண்டிய இடத்தில் நிலுவையை எழுதினால், அதற்குள் பழைய கடன் முழுசாக இருக்கும். அது கடனை ஏற்றும். 23 கணக்கில் ஒன்பதில் இது இருந்தது. ஊர்க்காரர் கணக்கு ஒன்றில்கூட இல்லை. அவர்கள் நோட்டும் பேரேடும் மாசக் கடைசியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்படும், தப்பு ஒரு மாசத்துக்கு மேல் உயிரோடு இருக்காது. நமக்கு ஏன் நோட்டு இல்லை? நோட்டைக் கையிலிருந்து கைக்கு வாங்கணும். சீட்டைத் தூக்கிப் போட்டால் போதும். கணக்கு வைக்கிற முறையையே தீட்டு தீர்மானித்திருந்தது, அதிலிருந்து கடன் முளைத்தது.

இந்தக் கடன் வெறும் எண் இல்லை. புதுக்கணக்கு அன்றைக்குப் பேரேட்டு நிலுவைக்கு நேராகக் கைநாட்டு வாங்குவார்கள். கணக்குப் புத்தகத்தில் எழுதியிருப்பது மட்டுமே ஒருவரைக் கடனாளியாக்கப் போதாது என்று 1872 சாட்சியச் சட்டத்தின் 34வது பிரிவு சொன்னது. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதீய சாக்ஷ்ய அதிநியத்தின் 28வது பிரிவும் அதையே சொல்கிறது. ஆனால் கைநாட்டு விழுந்துவிட்டால் நாமே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். பெரியம்மாவிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள்: “பாக்கி கழியிற வரைக்கும் பேத்தி வந்து மொளகா கிள்ளட்டும்.” பேத்தி அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள்.

தாளை நீட்டினேன். “ஒன்ன யாருடா கூட்டச் சொன்னது? எழுதச் சொன்னா எழுது.” நான் ஒன்றும் பேசாமல் ஜூலைச் சீட்டுகளைப் பலகைமேல் வரிசையாக வைத்தேன். மேலே அவருடைய கையெழுத்து. ரொம்ப நேரம் பார்த்தார். பெரியம்மா கணக்கை அடித்து 273 என்று திருத்தினார்.

மறுநாள் குடோனில் சாக்கு இல்லை. மீதி எட்டுக் கணக்கில், வீட்டில் சீட்டு வைத்திருந்த நாலு பேர் திருத்திக்கொண்டார்கள். சீட்டில்லாத நாலு பேர் பேரேட்டில் இருந்ததற்கே கைநாட்டு வைத்தார்கள். நான் போட்ட தாளைக் காட்டியபோது, “இது ஒன் எழுத்து, எங்க எழுத்து எங்கே?” என்று கேட்டார். அது நியாயமான கேள்விதான். தாள் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அதற்கு அடியில் கசங்கிய சீட்டு இருக்கணும்.

வைகாசியில் என்னை நிறுத்திவிட்டார். பேத்தி பள்ளிக்கூடம் போனாள். அதே மாசம் காலனியில் 23 வீட்டுக்கும் நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். முதல் நாள் பெரியம்மா நோட்டை நீட்டியபோது, “கீழ வை” என்றார்கள். அது வைக்கவில்லை. “எழுதிக் கையில குடுங்க, இல்லன்னா சாமானைத் திருப்பி எடுத்துக்குங்க” என்று நீட்டிய கையை மடக்காமல் நின்றது. பின்னால் இன்னும் ஆறு பேர் நோட்டோடு நின்றிருந்தார்கள். நோட்டை வாங்கி எழுதினார்கள்.