சத்தம் கூடியது, பேச்சு விளங்கவில்லை

எமது தமிழ்ப் பத்திரிகைகள் திரைப்படங்களுக்கு விமர்சனம் எழுதி வந்திருக்கின்றன. திரையரங்குகளுக்கு எழுதியதாக எனக்கு நினைவில்லை. காரணம் எளிது. படத்தை எடுத்தவர் சென்னையில் இருந்தார். அரங்கின் உரிமையாளரோ, எங்களுக்கு விளம்பரம் தருபவராக, அடுத்த தெருவில் இருந்தார். கதாநாயகனின் நடிப்பைக் கிழித்துப் போடலாம். அவரது படம் ஓடும் மண்டபத்தின் மலசலகூடத்தைப் பற்றி ஒரு வரி எழுத இயலாது. இந்தப் பக்கத்துக்கு விளம்பரதாரர் எவரும் இல்லை என்பதால் அந்தக் கடனை இப்போது தீர்க்கிறேன்.

அண்மையில் கொழும்பில் உள்ள ஒரு பல்திரை அரங்குக்கு ஐந்து பேராகச் சென்றோம். மகன், மருமகள், ஐந்து வயதுப் பேரன், எழுபத்தாறு வயதான என் அக்கா, நான். அரங்கின் பெயரைத் தவிர்க்கிறேன். அங்கே கண்ட குறை ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள வாசகருக்கும் நேரக்கூடியதே.

படம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் பேரன் இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டான். அதே நேரத்தில் அக்கா என் தோளைத் தட்டி, “தம்பி, அவன் என்ன சொல்லுறான்? ஒண்டும் விளங்கேல்லை” என்றார். ஒருவருக்குச் சத்தம் அளவுக்கு மிஞ்சியது. மற்றவருக்குப் பேச்சே எட்டவில்லை. இரண்டும் ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள் என்பதுதான் குடும்பத்தோடு படம் பார்ப்பவர்கள் அறியவேண்டிய செய்தி.

திரையின் பின்னால் பொதுவாக மூன்று ஒலிபெருக்கிகள் இருக்கும். இடமும் வலமும் பெரும்பாலும் இசைக்கு. வசனம் அநேகமாக முழுவதும் நடுவில் உள்ளதிலிருந்தே வருகிறது. பக்கச் சுவர்களிலும் பின்சுவரிலும் தொங்குபவை மழைக்கும் வெடிக்கும் உரியவை. நடு ஒலிபெருக்கியின் உள்ளே தடித்த ஓசைக்கு ஓர் உறுப்பும் கூரிய ஓசைக்கு வேறோர் உறுப்பும் உண்டு. பேச்சில் உயிரெழுத்துகளின் பலம் தடித்த ஓசையில் இருக்கிறது. ச, ட, த போன்ற மெய்களைப் பிரித்துக் காட்டுவது கூரிய ஓசை. அந்த உறுப்பு நலிந்துபோனாலோ, ஒலி வெளியேறுவதற்காகத் திரையில் இடப்பட்ட நுண்துளைகளைத் தூசி அடைத்துக்கொண்டாலோ, ‘பட்டு’ என்பதும் ‘பத்து’ என்பதும் காதில் ஒன்றாகவே விழும். மூப்பில் முதலில் குறைவதும் கூரிய ஓசையைக் கேட்கும் திறன்தான். ஆகவே அக்காவுக்கு அது இரட்டை இழப்பு.

வசனம் விளங்கவில்லை என்று யாராவது முறையிட்டால், படம் ஓட்டுபவர் மொத்த ஒலியையும் கூட்டிவிடுகிறார். நடு ஒலிபெருக்கியின் குறை அப்படியே இருக்க, பழுதில்லாத சுவர் ஒலிபெருக்கிகள் அலறத் தொடங்குகின்றன. இப்போது குழந்தையின் தாய் முறையிடுகிறார். ஒலி குறைக்கப்படுகிறது. பேச்சு மறுபடியும் காணாமற் போகிறது.

மகனின் கைபேசியில் ஒலியளவி ஒன்று இருந்தது. கைபேசிக் கணக்கு துல்லியமானதல்ல, ஒப்பிட்டுப் பார்க்க உதவும். சாதாரண உரையாடலில் 75 டெசிபெல் அளவிலும் சண்டைக் காட்சிகளில் 100ஐ அண்டியும் அது காட்டியது. தொழிற்சாலைத் தொழிலாளருக்காக அமெரிக்காவில் பரிந்துரைக்கப்பட்ட எல்லை 85 டெசிபெலில் எட்டு மணித்தியாலம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 94 என்றால் ஒரு மணித்தியாலம், 100 என்றால் கால் மணித்தியாலம். அது வளர்ந்தவர்களுக்குச் சொன்னது. ஐந்து வயதுக் காதுக்கு அல்ல. எங்கள் படத்தின் இறுதிச் சண்டை மட்டும் இருபது நிமிடத்துக்குக் குறையாது.

நாங்கள் இருந்த இடமும் பிழை. வரிசையின் ஓரத்து ஆசனங்கள் சுவர் ஒலிபெருக்கிக்கு நேர் கீழே இருந்தன. அங்கே வெடி கிட்ட, வசனம் எட்ட. அரங்கு பாதிக்கு மேல் வெறுமையாக இருந்ததால், முன்னிருந்து எண்ணினால் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், வரிசையின் நடுவுக்கு மாறினோம். பேரன் கையை எடுத்தான். அக்காவுக்குப் பாதி விளங்கியது. ரிக்கற் வாங்கும்போதே இப்படி இடத்தைத் தெரிந்தெடுப்பது நல்லது. விளம்பரம் ஓடும்போது ஒருவர் பேசும் இடத்தில் கண்ணை மூடிக் கேளுங்கள். குரல் திரையின் நடுவிலிருந்து தெளிவாக வந்தால் சரி. போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தால் அன்றைக்கு என்ன செய்தாலும் அது திருந்தாது.

இடைவேளையில் படம் ஓட்டும் இளைஞரைத் தேடிப் பிடித்தேன். “ஐயா, கூட்டவோ, குறைக்கவோ?” என்று கேட்டார். இரண்டும் வேண்டாம், நடு ஒலிபெருக்கியைப் பாருங்கள் என்றேன். ஒலிக்கருவியில் 7 என்ற எண்தான் படத்தின் ஒலியைக் கலந்தவர்கள் கணக்கில் கொண்ட அளவு. தாங்கள் 5க்கு மேல் வைப்பதில்லை என்றார். 5இலேயே இந்த அலறல் என்றால் சுவர் ஒலிபெருக்கிகளின் சமநிலையும் குழம்பியிருக்கவேண்டும். அதை அவர் மறுக்கவில்லை. அளவீடு செய்பவர் வந்து நீண்ட நாளாயிற்றாம்.

ஆசனங்கள் வசதியானவையே. முழங்கால் முன்னால் இடிக்கவில்லை, படிப்படியாக உயரும் தளம் என்பதால் முன்னால் இருப்பவரின் தலையும் மறைக்கவில்லை. யாழ்ப்பாணத்து அரங்குகளில் மூட்டைப்பூச்சியோடு படம் பார்த்த தலைமுறைக்கு இது பெரிய சௌகரியம். ஆனால் தானாக மடியும் ஆசனம் ஐந்து வயதுக் குழந்தையின் எடைக்குக் கீழே நிற்காது. பேரனின் கால்கள் இருமுறை அகப்பட்டன. குழந்தைகளுக்கென உயர்த்தும் மெத்தை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இங்கே கேட்டபின் ஒன்று வந்தது.

சிற்றுண்டிக்கு வருவோம். ஐந்து ரிக்கற்றுக்கு 5,500 ரூபா. இரண்டு பெரிய பொப்கோர்ன், மூன்று குளிர்பானம், ஒரு போத்தல் தண்ணீர் ஆகியவற்றுக்கு 3,900. ரிக்கற் பணத்தில் விநியோகஸ்தருக்குப் பங்கு போகிறது. சோளப்பொரியின் இலாபம் முழுவதும் அரங்குக்கே. ஆகையால் அரங்கின் உண்மையான வியாபாரம் அந்த மேசையில்தான் நடக்கிறது. உப்பைக் கூட்டினால் குளிர்பானமும் விற்கும். அடுத்த முறை ஒரு பெரியதை வாங்கி, வெறுங்கடதாசிப் பைகளும் கேட்டு, பகிர்ந்துகொண்டோம். எவரும் தடுக்கவில்லை. வெளி உணவுக்கு அனுமதியில்லை. அக்காவின் மருந்தையும் சுடுதண்ணீர்ப் போத்தலையும் காவலாளி மரியாதையோடு விட்டார். கச்சான் சுருளின் காலம் போய்விட்டது, அதன் கோதுகள் காலடியில் நொறுங்கும் ஓசையும் போய்விட்டது.

துப்புரவை நுழைவாயிலின் பளபளப்பில் அளக்கக்கூடாது. இரண்டு காட்சிகளுக்கு இடையே கூட்டித் துடைக்கக் கிடைக்கும் நேரம் மிகச் சிறிது. எனவே நாளின் முதற் காட்சிக்குப் போவதே உத்தமம். எங்களுடையது மாலைக் காட்சி. தலையணைப் பகுதியில் எண்ணெய்ப் பிசுக்கு, ஆசன மடிப்பில் முந்தைய காட்சியின் பொரி. ஆண்கள் மலசலகூடம் சுத்தமாக இருந்தது. பெண்கள் பக்கத்தில் திறந்திருந்தவை இரண்டு அறைகள் மட்டுமே என்று மருமகள் சொன்னார். அக்காவைக் கூட்டிக்கொண்டு அவர் திரும்பியபோது இடைவேளை முடிந்து படம் பத்து நிமிடம் ஓடியிருந்தது. “நல்லகாலம், சண்டைதான் போச்சுது” என்றார் அக்கா.

மூன்று வாரங்களின் பின் மீண்டும் போனேன், தனியாக, பகற்காட்சிக்கு. நடு ஒலிபெருக்கி இன்னமும் போர்வைக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தது. பொப்கோர்ன் விலை நூறு ரூபா கூடியிருந்தது.