கொலுப்படிக்கு ஒரு செங்கல்

தீபாவளிப் பலகாரங்களில் கேலிக்கு மிகுதியாக ஆளாவது மைசூர்பாகுதான். சர்க்கரைப் பாகு ஒற்றைக் கம்பிப் பதம் வந்ததும் கடலைமாவைத் தூவி, நெய்யைச் சிறிது சிறிதாக விட்டுக் கிளற வேண்டும். கலவை பொங்கி நுரைத்து, வாணலியின் ஓரத்தை விட்டு விலகும் அந்தக் கணத்திலேயே தட்டில் கொட்டிவிட வேண்டும். சற்றுத் தாமதித்தாலும் கெட்டியாகிவிடும். முப்பது ஆண்டு பழகிய கையும் அந்தக் கணத்தைத் தவற விடுவதுண்டு.

ஒரு குடும்பத்தில் அம்மாள் செய்த மைசூர்பாகு ஓராண்டு அவ்வாறு இறுகிவிட்டது. அவரே தட்டை நீட்டி, “பதம் தப்பிவிட்டது” என்றார். கணவர் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துவிட்டு, “நவராத்திரி வரை எடுத்து வை. கொலுப்படிக்கு முட்டுக்கொடுக்கச் செங்கல் வாங்க வேண்டாம்” என்றார். “செங்கல்லைத்தான் மூன்றாவது துண்டாகத் தின்கிறீர்களா?” என்று அம்மாள் கேட்டார். வீடே சிரித்தது. அன்று முதல் ஒவ்வொரு தீபாவளிக்கும் செங்கல் பேச்சு வந்துவிடும்.

விருந்தாளி எதைச் சுவைத்தாலும் “நன்றாக இருக்கிறது” என்றுதான் சொல்ல வேண்டும். குறை சொல்லும் உரிமை அவருக்கு இல்லை. நாள்தோறும் அந்தக் கையால் உண்டு வளர்ந்தவர்களுக்கே அந்த உரிமை உண்டு. ஆகவே சமையலைக் கேலி செய்வது, ‘நான் இந்த வீட்டைச் சேர்ந்தவன்’ என்று சொல்லும் ஒரு வழியாகிவிடுகிறது. உண்ட வாய் கேலி செய்யும்போது சமைத்தவருக்கு நோவதில்லை.

சில ஆண்டுகள் கழித்து மூத்த மருமகள் முதன்முறையாக அந்த வீட்டில் மைசூர்பாகு கிளறினாள். அதுவும் இறுகிவிட்டது. அன்று சம்பந்தி வீட்டாரும் வந்திருந்தனர். இளைய மகன் தட்டைத் தொடாமலேயே, “அண்ணி, கொலுப்படிக்குச் செங்கல் தயாரா?” என்றான். அவன் சிரித்தான், வேறு யாரும் சிரிக்கவில்லை. மருமகள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளுடைய தாயார் தலை குனிந்துகொண்டார்.

சொல் அதே சொல்தான். ஆனால் அம்மாள் தம் குறையைத் தாமே முதலில் சொன்னார், மருமகள் சொல்லவில்லை. கணவர் உண்டபடியே பேசினார், மைத்துனன் உண்ணவில்லை. அம்மாளுக்குத் திருப்பிக் கொடுக்க ஒரு பதில் இருந்தது. பெற்றோர் முன்னிலையில், புகுந்த வீட்டில் நின்றவளுக்கு அது இல்லை. எதிரே இருப்பவர் திருப்பிக் கேலி செய்ய முடியாத இடத்தில் கேலி, குத்தலாகிவிடுகிறது.

மாமனார் மகனைக் கடிந்துகொள்ளவில்லை. காளமேகப் புலவரின் கதையைச் சொல்லத் தொடங்கினார். காளமேகம் புலவராவதற்கு முன் திருவரங்கம் கோயில் மடைப்பள்ளியில் பணிபுரிந்தவர் என்பது வழிவழிச் செய்தி. அவர் ஒருமுறை நாகைக் காத்தான் சத்திரத்தில் பசியோடு நெடுநேரம் காத்திருந்தார். பொழுது சாயும்போதுதான் அரிசி வருகிறது, ஊர் உறங்கும்போதுதான் உலை வைக்கிறார்கள், இலையில் ஓர் அகப்பை சோறு விழும்போது விடிவெள்ளி எழுந்துவிடுகிறது என்னும் பொருளில் பாடிவிட்டார். காத்தான் வருந்தி வேண்டியதும், அதே பாட்டுக்கு வேறு பொருள் கூறினார்: பஞ்சத்தில் எங்கும் அரிசி அற்றுப்போன காலத்திலும் இங்கே அரிசி வரும், உலையிலிட்டால் ஊரின் பசி அடங்கும், இலையில் இட்ட சோற்றின் வெண்மை கண்டு வெள்ளியும் நாணி எழுந்து போகும். ஒரு சொல்லும் மாறவில்லை, வசை வாழ்த்தாயிற்று.

கதையை முடித்துவிட்டு அவர் உள்ளே குரல் கொடுத்தார்: “அம்மா, அந்தத் தட்டைக் கொண்டு வா. இவன் செங்கல் என்றது சரிதான். இந்த வீட்டை இனித் தாங்கப்போகிற செங்கல் அது.” மருமகள் தயங்கியபடி வந்தாள். அவர் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். இளைய மகனும் எழுந்து சென்று, “மன்னியுங்கள் அண்ணி” என்று சொல்லி இரண்டு துண்டுகளை எடுத்துக்கொண்டான்.

மாலையில் மாமியார் மீதித் துண்டுகளை உரலில் இட்டுப் பொடித்து, காய்ச்சிய பாலில் ஏலக்காயோடு கலந்து எல்லோருக்கும் கொடுத்தார். இளைய மகன் இரண்டாவது தம்ளருக்குக் கை நீட்டியபோது மருமகள் சொன்னாள்: “செங்கல்லைக் கரைத்துக் குடித்தால் வயிற்றுக்குள் சுவர் எழும்பிவிடும், தம்பி.”

அப்போதுதான் வீடு சிரித்தது. அவளுடைய தாயாரும் சிரித்தார்.