அத்தாவின் கத்தரி நிற்கும் இடம்



எழுமலையில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தையற்கடை நடத்தி வரும் எங்கள் அத்தாவின் வலக்கையில் இப்போது நடுக்கம் கண்டிருக்கிறது. மிஷினில் நேர்த்தையல் ஓட்டுவதில் இன்னும் குறையில்லை. காஜா எடுப்பதும், ஜிப்பாவின் கழுத்துத் திறப்பை வெட்டுவதும் மட்டும் அவருக்குச் சிரமமாகிவிட்டன. கடையில் கற்றுக்கொள்ள வந்த இளைஞர்கள் ஒவ்வொருவராகத் திருப்பூருக்குச் சென்றுவிட்டார்கள். ஆகவே அவர் கையில் இருப்பதைப் படங்களோடு ஒரு சிறு நூலாக்குவது என்று மக்கள் நாங்கள் மூவரும் முடிவு செய்தோம்.

யாருக்காக இந்நூல் என்பதில் எங்களுக்குத் தெளிவிருந்தது. சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் அரசு இலவசமாக வழங்கும் தையல் இயந்திரம் எங்கள் தெருவிலும் சில வீடுகளில் இருக்கிறது. அதைப் பெற்ற சகோதரிகளுக்கு ரவிக்கையும் பாவாடையும் தைக்க வருகிறது. பெருநாள் நெருங்கும்போது பிள்ளைகளின் ஜிப்பாவுக்கு மட்டும் ஆயத்த ஆடைக் கடையைத்தான் நாடுகிறார்கள். காரணம் கேட்டால் எல்லோரும் ஒரே இடத்தைச் சுட்டுகிறார்கள்: முன்பக்கப் பட்டி. உடலை வெட்டவும் கையை ஏற்றவும் அவர்களால் முடியும். நெஞ்சுக்கு நடுவே நல்ல துணியைக் கிழித்துப் பட்டி வைக்கத்தான் கை வரவில்லை. எனவே முழு ஜிப்பாவுக்கான நூலின் முதற்பகுதியாக இப்பட்டியையே எடுத்துக்கொண்டோம்.

தையலுக்கு நூல்கள் இல்லாமலில்லை. 1580-இல் மாட்ரிட் நகரில் ஹுவான் தெ அல்செகா என்ற தையற்காரர் தம் தொழிலைப் பற்றி ஒரு நூலை அச்சிட்டார். துணி வீணாகாமல் எந்தத் துண்டை எங்கே வைத்து வெட்டுவது என்பதை வரைபடங்களாகக் காட்டும் நூல் அது. நம் நாட்டில் தையல் பயின்றோர் பலரும் அறிந்த ஜராப்கர் முறையும் அளவெடுத்து வரைந்து வெட்டுவதைப் பற்றியதே. வெட்டும் கணக்கைக் கோடுகளால் காட்டிவிடலாம். துணி மடங்குவதையும் திரும்புவதையும், ஒன்றன்கீழ் மற்றொன்று ஒளிவதையும் கோடுகளால் காட்டுவது கடினம். பட்டி வைக்கும் வேலை முழுவதும் அத்தகையதே என்பதால்தான் நிழற்படம் தேவைப்பட்டது.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறோம். அத்தா வைக்கும் பட்டி முடிவில் ஒரு அங்குல அகலம் இருக்கும். ஜிப்பாவின் முன்துணியில், நடுக்கோட்டின் இருபுறமும் அரை அங்குலம் விட்டு, ஒரு அங்குல அகலத்தில் நீண்ட பெட்டி ஒன்றைச் சாக்கட்டியால் வரைவார். பெரியவர் ஜிப்பாவுக்கு அதன் நீளம் பத்து அங்குலம். பட்டித் துணிகள் இரண்டும் மூன்று அங்குல அகலம் கொண்டவை. நீளம் பெட்டியைவிட ஒன்றரை அங்குலம் கூடுதல். மூன்று அங்குலத்துக்குக் கணக்கு உண்டு: ஒரு ஓரத்தில் தையலுக்கு அரை, மறு ஓரத்தில் மடிப்புக்கு அரை, மீதி இரண்டும் இரண்டாக மடிந்து ஒரு அங்குலப் பட்டியாகும்.

பட்டிகளை முன்துணியின் உட்புறத்தில் வைத்து, அவற்றின் நல்ல பக்கம் துணியைப் பார்க்க, ஓரம் நடுக்கோட்டைத் தொட, பெட்டிக் கோட்டின் மீதே தைக்க வேண்டும். பெட்டியின் கீழ்மூலை வந்ததும் தையல் நின்றுவிட வேண்டும். அங்கே இரண்டு பின்தையல் போட்டு இறுக்குவார் அத்தா. பிறகு பட்டிகளை ஒதுக்கிவிட்டு, முன்துணியை மட்டும் நடுக்கோட்டில் மேலிருந்து வெட்டி வருவார். பெட்டியின் அடிக்கு அரை அங்குலம் முன்பாகக் கத்தரியை நிறுத்தி, அங்கிருந்து இரு மூலைகளை நோக்கியும் சாய்வாக வெட்டுவார். அடியில் ஒரு சிறு முக்கோணம் மிஞ்சும். பட்டிகளைத் திறப்பின் வழியாக வெளிப்புறம் திருப்பி, ஓரத்தை மடித்து முதல் தையலை மூடி, மேலே ஓரத்தையல் ஓட்டுவார். கடைசியாக அந்த முக்கோணம் அடிப்பட்டியின் மேல் படிந்து தைக்கப்படும். மேற்பட்டி அதை மூடும். அதன் நுனியை மடித்துச் சதுரமாகத் தைத்தால் வேலை முடிந்தது.

இவ்வளவையும் அத்தா பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார். அவர் தைக்கும்போதே படம் எடுக்கலாம் என்றுதான் பலரும் எங்களுக்குச் சொன்னார்கள். ஆனால் தைக்கும் கை, தைக்கும் இடத்தை மறைத்தே தீரும். மூலையில் ஊசி நிற்கும் கணத்தில் படத்தில் தெரிவது அழுத்துகாலும் இரண்டு விரல்களும் மட்டுமே. ஆகவே படிக்கு ஒரு துண்டு என்று தைத்தோம். பட்டி வேலையில் எட்டுப் படிகள்; எட்டுத் துண்டுகள். முதல் துண்டில் சாக்கட்டிப் பெட்டி மட்டும் இருக்கும். இரண்டாவதில் ஒரு பட்டி தைத்து நிறுத்தியிருக்கும். இப்படியே எட்டாவதில் முழுப்பட்டி. ஒவ்வொன்றும் தன் படியோடு நின்றுவிடுவதால், மேசையில் விரித்து நிதானமாகப் படம் எடுக்கலாம். வேண்டுமென்றால் மறுநாளும் எடுக்கலாம். பதினாலுக்குப் பதினாறு அங்குலம் என்று எட்டுத் துண்டுகளுக்கு நாற்பத்து நான்கு அங்குல அகலத் துணி ஒன்றரை மீட்டர் போதுமானதாக இருந்தது. படத்துக்குள் அடங்கும்படி பெட்டியின் நீளத்தை மட்டும் ஆறு அங்குலமாகக் குறைத்தோம், அகலத்தில் கைவைக்கவில்லை.

துணியைத் தேர்வதற்கே மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு நாள் அலைந்தோம். ஜிப்பாவுக்கு வழக்கமான வெள்ளைப் பாப்ளினில் நல்ல பக்கமும் உட்பக்கமும் ஒன்றுபோல் இருக்கும். படத்தைப் பார்ப்பவருக்கு எது திரும்பியது, எது திரும்பவில்லை என்று விளங்காது. ஆகவே ஒருபுறம் மட்டும் அச்சிட்ட, மறுபுறம் வெளுத்த நீலப் பருத்தியை முன்துணிக்கு எடுத்தோம். பட்டிக்கு வெள்ளைத் துணி; அதன் உட்பக்கத்தில் பென்சிலால் பெருக்கல் குறி. தையல் தெரிய வேண்டுமென்று நூலை வேறு நிறத்தில் வைத்தோம். அதிலும் ஒன்று கவனிக்க வேண்டும். செலவு கருதி நூல் கறுப்பு வெள்ளையில் அச்சாகிறது. பச்சைத் துணியில் சிவப்பு நூல் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாகி நூலே காணாமற் போய்விடக்கூடும். நிறம் வேறாக இருந்தால் போதாது, ஒன்று வெளிறியும் மற்றொன்று அடர்ந்தும் இருக்க வேண்டும். கைப்பேசியின் கறுப்பு வெள்ளை அமைப்பில் ஒருமுறை பார்த்துவிட்டால் இது உடனே தெரிந்துவிடும்.

வெளிச்சத்துக்குக் கிழக்குச் சன்னலே போதும். தலைக்கு மேலுள்ள குழல்விளக்கை அணைத்துவிடுவோம். மேலிருந்து விழும் ஒளியில் மடிப்புகள் தட்டையாகிவிடும். பக்கத்திலிருந்து சாய்ந்து வரும் ஒளியில்தான் மடிப்பின் ஓரத்தில் மெல்லிய நிழல் விழுந்து, எது மேலே எது கீழே என்று காட்டும். கைப்பேசியைத் துணிக்கு நேர் மேலே, சற்று உயரத்தில் நிறுத்தி, பிறகு படத்தின் ஓரங்களை வெட்டிக்கொள்வோம். மிக அருகில் வைத்தால் நேர்க்கோடுகள் வளைந்து தெரியும். தையல் நூலில் வளைந்த கோடு பொய் சொல்வதற்குச் சமம். அச்சகத்துக்கு அனுப்பும்போது வாட்சப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கிப்போகும், ஆவணமாக அனுப்ப வேண்டும். மூன்று அங்குல அகலத்தில் தெளிவாக அச்சாக ஏறத்தாழ 900 புள்ளி அகலமாவது வேண்டும்.

இடம் வலம் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்கள் உடையில் இடப்பட்டி மேலே வரும். படத்தில் ஜிப்பா நம்மைப் பார்த்துக் கிடக்கையில் அந்த இடப்பட்டி வலப்புறம் இருக்கும். உட்புறத்தைக் காட்டும் அடுத்த படத்தில் அது மீண்டும் இடப்புறம் வந்துவிடும். ஆகவே இடம் வலம் என்று எங்கும் எழுதாமல், மேற்பட்டி, அடிப்பட்டி என்றே எல்லாப் படங்களின் கீழும் எழுதினோம். இது அத்தாவின் வழக்கச் சொல்தான்.

சொற்களில் எங்களுக்கு மிகுந்த வேலை வைத்ததும் அத்தாவின் சொல் ஒன்றே. மூலையை நோக்கிச் சாய்வாக வெட்டும் படிக்கு அளவு கேட்டோம்.

"எதுவரைக்கும் வெட்டணும் அத்தா?"

"தையல் வரைக்கும்."

"தையலைத் தொடலாமா?"

"தொடக்கூடாதும்மா. ஒரு நூல் விட்டு நிறுத்தணும்."

அப்படியே எழுதிப் பக்கத்து வீட்டுச் சகோதரி ஒருவரிடம் கொடுத்தோம். படித்துத் தைத்துப் பார்ப்பதற்கென்றே அவரைக் கேட்டுக்கொண்டிருந்தோம். நாங்கள் அருகில் இருந்தும் வாய் திறக்கவில்லை. ஏழாம் படி வரை வந்துவிட்டார். பட்டியைத் திருப்பியதும் இரு மூலைகளிலும் துணி சுருங்கி நின்றது. எவ்வளவு இஸ்திரி போட்டும் அது படியவில்லை. அத்தா துண்டை வாங்கித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சகோதரி செய்தது பிழையன்று. தச்சரும் கொத்தரும் தையற்காரரும் ஒரு நூல் என்றால் அரைக்கால் அங்குலம். அவருடைய கணவர் தச்சர். அவர் அரைக்கால் அங்குலம் விட்டே நிறுத்தியிருந்தார். அத்தா சொன்னதோ துணியில் ஓடும் ஓர் இழை.

அந்த இடைவெளியில்தான் பட்டியின் முழு அழகும் இருக்கிறது. வெட்டு மூலைக்கு எட்டாவிட்டால், திரும்ப வேண்டிய துணி திரும்பாமல் மூலையைப் பிடித்து இழுக்கும். சுருக்கம் தெரியும். ஓர் இழை கடந்து தையலை அறுத்துவிட்டாலோ, மூலையில் ஓட்டை விழும். இரண்டு சலவைக்குள் அது வாய் பிளக்கும். சுருக்கத்தைத் திருத்தலாம்: பட்டியைத் திரும்பவும் உட்புறம் தள்ளி, கத்தரி நுனியால் இன்னும் ஓர் இழை வெட்டினால் போதும். ஓட்டையை அப்படித் திருத்த முடியாது. ஆகையால் குறைவாக வெட்டித் திருப்பிப் பார்த்து, சுருங்கினால் மறுபடி வெட்டுமாறு நூலில் எழுதியிருக்கிறோம். அத்தா அப்படிச் செய்வதில்லை, ஒரே வெட்டுத்தான். ஆனால் அவர் கை படிப்பவருக்கு இல்லையே.

இந்த ஒரு படிக்கு மட்டும் நான்கு படங்கள் வைத்தோம். சரியான வெட்டு, மூலை மட்டும் பெரிதாகத் தெரிய. எட்டாத வெட்டும் அதனால் வந்த சுருக்கமும். கடந்த வெட்டும் அதன் ஓட்டையும். நான்காவதாக, கத்தரியின் நுனி மட்டும் துணியில் இருக்க, அத்தாவின் விரல்கள் பிடிக்கும் விதம். கை மறைக்கும் என்று கையை எல்லாப் படங்களிலும் தவிர்த்த நாங்கள் இங்கே மட்டும் அதை வைத்துக்கொண்டோம். கத்தரியை வாய் முழுக்கத் திறந்து வெட்டினால் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. நுனியை மூலையில் முதலில் நிறுத்திக்கொண்டு பிறகு மூடினால், கத்தரி அங்கேயே நிற்கும். இது அத்தாவுக்கே தெரியாமல் அவர் கை செய்து வந்த காரியம்; படத்தைப் பெரிதாக்கியபோதுதான் எங்களுக்கும் தெரிந்தது.

தையலின் தொடக்கத்தை இத்ரீஸ் (அலை) அவர்களோடு சேர்த்துச் சொல்லும் மரபை எடுத்துக்காட்டி, நூலில் தம் பெயர் வேண்டாம் என்றார் அத்தா. இது தம்முடையது அல்லவாம். பெயரைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நூல் கம்பிச் சுருளால் கட்டப்படுகிறது. முதுகு ஒட்டிய புத்தகம் மிஷின் அருகே விரித்து வைத்தால் தானே மூடிக்கொள்ளும். தைப்பவருக்கு அதைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. ஒரு பக்கத்துக்கு இரண்டு படங்களுக்கு மேல் இல்லை. எட்டுத் துண்டுகளும் ஆணியில் வரிசையாக எங்கள் கடையில் தொங்குகின்றன. அந்தச் சகோதரி இரண்டாம் முறை தைத்த துண்டை ஒன்பதாவதாக அத்தா மாட்டி வைத்திருக்கிறார். அடுத்த பகுதி காலர். அதற்குப் பதினோரு துண்டுகள் வேண்டும் என்று நேற்று எண்ணிச் சொன்னார்.