பால் கணக்குக்குப் பக்கத்தில் ஒரு கணக்கு

‘இனிமே உடம்பைப் பார்த்துக்கணும்.’ பொங்கலுக்கு வெள்ளையடிப்பதுபோல, எங்கள் வீட்டில் வருஷத்துக்கு ஒருமுறை கேட்கும் வாக்கியம் இது. சொல்பவர் என் கணவர். இந்த ஜனவரியில் மட்டும் அதற்குக் கொஞ்சம் கனம் கூடிவிட்டது. மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் அவருக்கு 6.2 வந்திருந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோயின் வாசற்படியில் நிற்கிறோம் என்று அர்த்தம். டாக்டர் மாத்திரை எழுதவில்லை. “சாப்பாட்டைக் கவனிங்க, நடங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்போம்” என்றார்.

என் மாமியாருக்குச் சர்க்கரையால் இரண்டு கால் விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அந்தப் புண்ணைத் துடைத்துக் கட்டுப் போட்டதெல்லாம் இவர்தான். அதனால் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு வரும்போது ஆட்டோவில் ஒரு வார்த்தை பேசவில்லை.

‘உடம்பைப் பார்த்துக்கணும்’ என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ராத்திரி படுக்கும்போது “இன்னைக்குச் செஞ்சீங்களா?” என்று கேட்டால் ஆமாம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். இரண்டு வடைக்குப் பதில் ஒரு வடை சாப்பிட்டதும் பார்த்துக்கொண்டதுதானே? ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் வராத எதையும் தாளில் எழுத முடியாது. எனவே அந்த வாக்கியத்தை உடைக்க வேண்டியிருந்தது.

முதல் வாரம் எதையும் மாற்றவில்லை. நடப்பதை அப்படியே கவனித்தோம். ஒரு நாளைக்கு நாலு டீ. இரண்டு வீட்டில், இரண்டு அவர் கணக்கு எழுதும் கடைக்கு எதிரே. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சீனி. மதியம் சாதம் நிறைய, காய் ஊறுகாய் அளவு. ராத்திரி தட்டைக் கழுவி வைத்ததும் நேராக டிவி. இந்த மூன்று இடங்களில்தான் கை வைக்க முடியும் என்று தெரிந்தது.

அப்படியே மூன்று வரிகள் எழுதினோம். ராத்திரி தட்டைக் கழுவி வைத்ததும் செருப்பைப் போட்டுப் பத்து நிமிஷம் நடப்பது. மதியம் சாதத்துக்கு முன்னால் ஒரு கிண்ணம் காய். டீயில் சீனி கம்மி. நடையை ‘தினமும் அரை மணி’ என்றுதான் அவர் முதலில் எழுதப் போனார். நான்தான் பத்து போதும் என்றேன். சாப்பிட்ட பிறகு நடந்தால் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைத் தசைகள் எடுத்துக்கொள்ளும். அதற்குப் பத்து நிமிஷமும் உதவும். தவிர, மழையானாலும் களைப்பானாலும் செய்ய முடிகிற அளவாக இருந்தால்தான் மறுநாளும் கால் நகரும். ‘தட்டைக் கழுவியதும்’ என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. ‘எட்டரை மணிக்கு’ என்று எழுதினால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தட்டு கழுவுவது எப்படியும் நடக்கும். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நடையும் வந்துவிடும்.

எழுத இடம் தேடவில்லை. ஃப்ரிட்ஜ் பக்கத்தில் மாதக் காலண்டர் தொங்குகிறது. அதில் வருஷக்கணக்காகப் பால் கணக்கு எழுதுகிறேன். அதே கட்டத்தின் கீழே மூன்று சின்னக் குறிகள். செய்திருந்தால் டிக், செய்யாவிட்டால் வட்டம். வட்டம் எதற்கு என்று அவர் கேட்டார். கட்டம் காலியாக இருந்தால் செய்யவில்லையா, குறிக்க மறந்தோமா என்று தெரியாது. பால் வராத நாளையும் எழுதி வைத்தால்தானே மாதக் கடைசியில் கணக்கு நிற்கும்?

மகள் போனில் ஓர் ஆப் காட்டினாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு நாள் தவறினால் தொடர்ச்சி எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போய்விடுகிறது. இருபது நாள் நடந்தவரைப் பார்த்துப் பூஜ்யம் என்று சொன்னால் யாருக்குத்தான் மனசு வரும்? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2009-ல் வெளியானது. ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாற எடுத்துக்கொண்ட காலத்தில் நடு அளவு 66 நாள். சிலருக்கு 18, சிலருக்கு 254 வரை என்று கணக்கிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விடுபட்டதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரியவந்தது. 21 நாளில் எல்லாம் மாறிவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நான் அத்தோடு விட்டுவிட்டேன்.

ஞாயிறு காலை டீ குடித்து முடித்ததும் காலண்டரைக் கழற்றி மேஜையில் வைப்போம். பத்து நிமிஷ வேலைதான். ஏழில் எத்தனை, வட்டம் விழுந்தது எந்தக் கிழமை, அன்றைக்கு என்ன நடந்தது. திட்டுவதற்காக அல்ல, எழுதிய வரி சரியா என்று பார்ப்பதற்காக.

முதல் ஞாயிறு, நடைக்கு ஏழில் நாலு. செவ்வாய், வியாழன், சனி வட்டம். அந்த மூன்று நாளும் கடைக்கு லோடு வரும். வீடு திரும்பப் பத்து மணி ஆகிவிடும். சோம்பல் என்று நினைத்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. லோடு நாளில் மட்டும் தெருமுனை வரை போய்த் திரும்பினாலே டிக் என்று மாற்றினோம். மூணு நிமிஷ நடை. அடுத்த வாரம் ஆறு.

டீ வரிதான் சுவாரஸ்யம். அங்கே ஏழுக்கு ஏழு டிக்!

“கடையிலயும் கம்மியாவா குடிச்சீங்க?”

“கம்மியாதாம்மா போடச் சொன்னேன்.”

“எவ்வளவு கம்மி?”

“அது மாஸ்டருக்குத்தான் தெரியும்.”

கம்மி என்பது எண்ணவே முடியாத சொல். அதை அடித்துவிட்டு, ‘வீட்டு டீயில் ஒரு ஸ்பூன், கடையில் ஒரே டீ, அதுவும் சீனி இல்லாமல்’ என்று எழுதினோம். அந்த வாரம் ஏழில் இரண்டுதான். ஆனாலும் முந்தைய ஏழைவிட இந்த இரண்டை நான் நம்பினேன். மூன்றாவது வாரம் நாலு ஆயிற்று. இப்போது கடை மாஸ்டரே இவர் தலையைக் கண்டதும் தனியாக ஆற்றித் தருகிறாராம்.

காய்க் கிண்ணத்துக்கு ஒவ்வொரு வாரமும் ஏழுக்கு ஏழு. பொய்யில்லை, கிண்ணத்தில் காயை எடுத்து டிபன் கேரியரில் மேல்தட்டாக வைப்பது நான். அது அவருடைய பழக்கமே அல்ல, என்னுடையது என்பதால் ஐந்தாவது வாரம் தாளிலிருந்து எடுத்துவிட்டேன்.

ஒருமுறை வியாழனிலிருந்து சனி வரை எல்லாக் குறிகளும் ஒரே பச்சைப் பேனாவில், ஒரே சாய்வில் இருந்தன. சனி ராத்திரி உட்கார்ந்து ஒரேயடியாகப் போட்டது என்று பார்த்தாலே தெரிந்தது. அன்றிலிருந்து அன்றன்றைய குறி அன்றன்றைக்கு. மறந்தால் கட்டம் காலியாகவே இருக்கும்.

இந்தத் தாளால் முடியாத ஒன்றும் உண்டு. சர்க்கரை குறைந்ததா என்று அது சொல்லாது. ரத்தச் சிவப்பணுக்களின் ஆயுள் சுமார் 120 நாள். அவற்றில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைத்தான் ஹெச்பிஏ1சி அளக்கிறது. அதனால் இரண்டே வாரத்தில் மறுபடி ரத்தம் கொடுத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. அதுவரை கையில் இருப்பது செய்த நாட்களின் எண்ணிக்கை மட்டும்தான். ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டையும் நடையையும் இப்படி மாற்றும் முன் டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். சர்க்கரை திடீரென்று இறங்கிவிடக்கூடும்.

ஏப்ரலில் ரிப்போர்ட் வந்தது. 5.9. இன்னும் வாசற்படியில்தான் நிற்கிறார், ஆனால் ஓரடி வெளியே தள்ளி. டாக்டர் அடுத்து ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்.

நடை வரியையும் போன வாரம் எடுத்துவிட்டோம். நான் கேட்காமலே செருப்புச் சத்தம் கேட்கிறது. அந்த இடத்தில் இப்போது புது வரி: ‘பத்தரைக்குப் போன் ஹால் அலமாரியில்’. போன ஞாயிறு கணக்கு ஏழில் இரண்டு. பத்தரையை மாற்றுவதா, அலமாரியை மாற்றுவதா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.