ஈரலும் சதையியும் இடம் மாறிய ஸ்லைட்

சமிபாட்டுத் தொகுதி ஸ்லைட் ஒன்று நமக்கு வட்ஸ்அப்பில் வந்தது. அழகான படம். ஆனால் ஈரலுக்குச் சதையி என்றும் சதையிக்கு ஈரல் என்றும் பெயர் போட்டிருந்தது. பிள்ளைகள் அப்படியே கொப்பியில் எழுதிவிடுவார்களே!

திருத்தலாம் என்று சொல்லின்மேல் கிளிக் பண்ணினால் கேர்ஸர் வரவில்லை. முழு ஸ்லைட்டையும் சுற்றிப் புள்ளிகள் வந்தன. எழுத்தும் சேர்த்து எல்லாமே ஒரே படம்.

வெறும் பந்தியென்றால் பார்த்து டைப் பண்ணிவிட்டுப் படத்தை அழித்துவிடுவோம். வரைபடத்தில்தான் யோசனை. முதலில் பிழையான இரண்டு பெயர்களையும் மட்டும் மறைத்தோம்: மேலே ஒரு பெட்டி, Eyedropper மூலம் பின்னணி நிறம், அதில் சரியான சொல். ஐந்து நிமிட வேலை. பின்னணி ஒரே நிறமாக இருந்தால் இதுவே போதும். இந்த ஸ்லைட்டிலோ நீலம் கீழே போகப்போக வெளுத்திருந்தது. லெப்டொப்பில் தெரியாத ஒட்டு மல்டிமீடியாவில் திட்டாகத் தெரிந்தது.

ஆகவே Crop பண்ணி உடலுறுப்புப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு, கோடுகளையும் பெயர்களையும் புதிதாகப் போட்டோம். முக்கால் மணித்தியாலம் போனது. ஆனால் இப்போது ஒவ்வொரு பெயரும் தனிப்பெட்டி. Appear கொடுத்து, பிள்ளைகளிடம் கேட்ட பிறகு ஒவ்வொன்றாகக் காட்டுகிறோம். பெயர்களை மட்டும் Group பண்ணிவிடாதீர்கள், எல்லாம் ஒரேயடியாக வந்துவிடும்.